கேள்வியோடு கிளம்பும் லிங்க்

என் தோழி ஒருவர் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறார். போன ஜூன் மாதம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார்: “கல்லணை வரலாறு பற்றி கூகுளில் தேடிப் படித்து, நாளை ஐந்து வரி எழுதி வரவும்.”

மறுநாள் வந்த நோட்டுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் திறப்புச் செய்திதான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மேட்டூர் அணையைத் திறக்க மரபான நாள் ஜூன் 12. அன்று விட்ட தண்ணீர் சில நாளில் கல்லணைக்கு வந்து சேரும், அங்கேயும் மதகு தூக்குவார்கள். அந்த நேரத்தில் வெறும் ‘கல்லணை’ என்று தேடினால் செய்திகள்தான் முன்னால் வந்து நிற்கும். ஒரு பையன் திருச்சியிலிருந்து பஸ் போகும் வழியை எழுதியிருந்தான். ஒரு பெண் ‘கல்லனை’ என்று தட்டியிருந்தாள். இன்னும் சிலர் அப்பாவின் போனில் தமிழ் விசைப்பலகையே இல்லை என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். ஆசிரியை கேட்டது ஒரு கேள்வி, பிள்ளைகள் தேடியது ஏழெட்டுக் கேள்விகள்.

இதற்கு ஒரு வழி உண்டு. தேட வேண்டிய வார்த்தைகளை ஆசிரியரே தேடுபொறிக்குள் போட்டு, அதை ஒரு லிங்க்காக அனுப்பிவிடலாம். பிள்ளை அதைத் தொட்டால் போதும், தேடல் பெட்டி நிரம்பிய நிலையில் முடிவுகள் திறக்கும். தட்டச்சு வேண்டாம், எழுத்துப்பிழை வராது. இதற்குத் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. முகவரி எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் கையாலேயே எழுதிவிடலாம்.

முகவரியின் மூன்று துண்டு

```
https://www.google.com/search?q=கல்லணை+வரலாறு
```

இதில் கேள்விக்குறி வரை இருப்பது இடம், அதாவது கூகுளின் தேடல் பக்கம். கேள்விக்குறிக்குப் பிறகு வருவதெல்லாம் அந்தப் பக்கத்திடம் நாம் கொடுத்தனுப்பும் சீட்டு. `q=` என்பது சீட்டில் ‘தேட வேண்டியது’ என்று எழுதிய கட்டம். அதற்கு வலப்பக்கம் நம் வார்த்தைகள். இரண்டு வார்த்தைக்கு நடுவே இடைவெளி விடாமல் `+` போட்டிருப்பதைக் கவனியுங்கள். காரணம் பிறகு வருகிறது.

மற்ற இடங்களிலும் அமைப்பு இதேதான், கட்டத்தின் பெயர் மட்டும் மாறும். டக்டக்கோவில் `https://duckduckgo.com/?q=` என்று தொடங்க வேண்டும். யூடியூபில் `https://www.youtube.com/results?search_query=` என்று வரும். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு `https://ta.wikipedia.org/w/index.php?search=` போதும். இதில் ஒரு வசதி: நாம் கொடுத்த தலைப்பிலேயே கட்டுரை இருந்தால் தேடல் பட்டியலைக் காட்டாமல் நேராகக் கட்டுரைக்கே போய்விடும். பட்டியல்தான் வேண்டுமென்றால் கடைசியில் `&fulltext=1` என்று சேர்க்க வேண்டும்.

எட்டு எழுத்து, நூற்றெட்டுக் குறி

மேலே எழுதியதை அனுப்பிவிட்டு, பிறகு அதே முகவரியை ப்ரவுசரிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இப்படி வரும்:

```
https://www.google.com/search?q=%E0%AE%95%E0%AE%B2%E0%AF%8D%E0%AE%B2%E0%AE%A3%E0%AF%88+%E0%AE%B5%E0%AE%B0%E0%AE%B2%E0%AE%BE%E0%AE%B1%E0%AF%81
```

ஏதோ வைரஸ் லிங்க் என்று பெற்றோர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில் இதுவும் ‘கல்லணை வரலாறு’தான். இணைய முகவரியில் எந்தெந்த எழுத்து வரலாம் என்று 1994-இல் விதி எழுதியபோது ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே இடம் கொடுத்தார்கள். வேறு எதுவாக இருந்தாலும் அதைச் சதவீதக் குறியோடு எண்ணாக்கி அனுப்ப வேண்டும். திரையில் நமக்குத் தமிழைக் காட்டும் ப்ரவுசரும் உள்ளே இப்படி மாற்றித்தான் அனுப்புகிறது.

கணக்கைப் பார்த்தால் பயம் போய்விடும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு அலகும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு பைட்டுக்கு ஒரு `%` குறியும் இரண்டு இலக்கமும் வேண்டும். ஆக ஓர் அலகுக்கு ஒன்பது குறி. உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி அலகுகள். நம் கண்ணுக்குக் ‘கல்லணை’ நான்கு எழுத்து. கணினிக்கு அது க, ல, புள்ளி, ல, ண, ஐகாரக் குறி என்று ஆறு அலகு, அதாவது 54 குறி. ‘வரலாறு’ம் அதேபோல நான்கு எழுத்து, ஆறு அலகு, 54 குறி. எட்டு எழுத்து 108 குறியாக வளர்ந்தது இப்படித்தான். நடுவில் உள்ள `+` குறியையும் முன்னால் உள்ள 32 குறிகளையும் சேர்த்தால் முழு லிங்க் 141 குறி.

இதைப் படிக்கவும் பழகிக்கொள்ளலாம். தமிழ் அலகு எதுவும் `%E0%AE` அல்லது `%E0%AF` என்றுதான் தொடங்கும். கடைசி இரண்டு இலக்கம்தான் எந்த எழுத்து என்று சொல்லும். மேலே `%E0%AE%B2` என்பது ல. ‘கல்லணை’யில் இருமுறையும் ‘வரலாறு’வில் ஒருமுறையும் வருகிறது. `%E0%AF%8D` புள்ளி. ண என்றால் `A3`, ன என்றால் `A9`. அந்தப் பெண் தட்டிய ‘கல்லனை’க்கும் சரியான ‘கல்லணை’க்கும் லிங்க்கில் இந்த ஒரு ஜோடி இலக்கம்தான் வித்தியாசம். ஆசிரியரே தவறாகத் தட்டினால் அந்தப் பிழை வகுப்பு முழுக்கப் போய்ச் சேரும் என்பதும் இதிலேயே இருக்கிறது.

எந்த வடிவத்தை அனுப்புவது?

தமிழாகவே தெரியும் வடிவம் படிக்க நன்றாக இருக்கிறது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எதைத் தொடுகிறோம் என்று தெரியும். சிக்கல் என்னவென்றால், ஒரு செய்தியில் லிங்க் எங்கே முடிகிறது என்பதை அந்தந்தச் செயலிதான் ஊகிக்கிறது. இடைவெளி வந்தால் லிங்க் முடிந்தது என்றே எல்லாச் செயலியும் எடுத்துக்கொள்ளும். ‘கல்லணை வரலாறு’ என்று இடைவெளி விட்டு எழுதினால் ‘கல்லணை’ வரை நீலமாகும், ‘வரலாறு’ கறுப்பாக வெளியே நிற்கும். தொட்டால் தேடல் திறக்கும், கல்லணை படமும் வரும். ஆனால் பிள்ளை போய்ச் சேர்வது பழைய தண்ணீர் திறப்புச் செய்திக்குத்தான். லிங்க் உடைந்திருந்தால் யாராவது சொல்வார்கள். இது பாதி வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் நடுவில் `+` போடச் சொன்னது.

சில செயலிகள் இன்னும் மோசம். புள்ளியோ கொம்போ வந்த இடத்திலேயே லிங்க்கை வெட்டிவிடும். அப்படி ஒரு செயலியில் அனுப்ப வேண்டியிருந்தால் சதவீதக் குறி வடிவம்தான் பாதுகாப்பு. அதில் இடைவெளியும் இல்லை, தமிழ்க் குறியும் இல்லை. எங்கே ஒட்டினாலும் முழுசாக நிற்கும்.

அந்த வடிவத்தைப் பெற எளிய வழி, ப்ரவுசரில் தேடிவிட்டு முகவரியை நகலெடுப்பது. ஆனால் அப்படியே அனுப்பக்கூடாது. நகலெடுத்த முகவரியில் `&oq=`, `&sourceid=`, `&ie=` என்று வால் நீளமாகத் தொங்கும். தேடலுக்கு அது எதுவும் தேவையில்லை. அதில் `oq` என்பது நீங்கள் முதலில் தட்டியது. ‘கல்ல’ என்று தொடங்கி, கீழே வந்த பரிந்துரையைத் தொட்டுத் தேடியிருந்தால் அந்தப் பாதி வார்த்தையும் லிங்க்கில் ஒட்டிக்கொண்டு குழுவுக்குப் போகும். `q=` தொடங்கி அடுத்த `&` வருவதற்கு முன்பு வரை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாம்.

ஒரு பருவத்துக்கான பாடம் முழுவதற்கும் லிங்க் தயாரிக்க வேண்டுமானால் கூகுள் ஷீட்ஸ் வசதி. முதல் நெடுவரிசையில் A2-விலிருந்து கீழே தேடல் வார்த்தைகளைத் தமிழில் எழுதிக்கொண்டு, B2-வில் இதைப் போடுங்கள்:

```
="https://www.google.com/search?q="&ENCODEURL(A2)
```

B2-வைக் கீழே இழுத்துவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் லிங்க் தயார். இது இடைவெளியை `+` என்று எழுதாமல் `%20` என்று எழுதும், இரண்டும் ஒன்றுதான். இந்த வழியில் போகும்போது A நெடுவரிசையில் சாதாரணமாக இடைவெளி விட்டே எழுத வேண்டும். அங்கே `+` போட்டால் அதையும் ஓர் எழுத்தாகவே எண்ணிக் குறியாக்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத கண்ணிகள்

கையால் எழுதும்போது மாட்டிவிடும் குறிகள் மூன்று. `&` வந்தால் சீட்டில் அந்தக் கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்குகிறது என்று பொருள். ‘கல்லணை&மேட்டூர்’ என்று எழுதினால் கல்லணை மட்டும் தேடப்படும், மேட்டூர் காற்றோடு போய்விடும். `#` வந்தால் அதற்குப் பிறகு உள்ளது தேடுபொறிக்குப் போகவே போகாது. `+` இடைவெளியாக மாறிவிடும் என்பதால் கணக்கு ஆசிரியர் ‘3+5’ என்று அனுப்பினால் பிள்ளைக்கு ‘3 5’ என்று திறக்கும். அந்தக் குறிகளே வேண்டுமென்றால் முறையே `%26`, `%23`, `%2B` என்று எழுத வேண்டும். ஷீட்ஸ் வழியில் போனால் இந்தக் கவலை இல்லை, அதுவே மாற்றிவிடும்.

ஏற்கெனவே மாற்றியதை இன்னொரு முறை மாற்றுவது அடுத்த தவறு. சதவீதக் குறி லிங்க்கை நகலெடுத்து A நெடுவரிசையில் ஒட்டினால், சூத்திரம் `%` குறியையே `%25` ஆக்கிவிடும். தேடல் பெட்டியில் தமிழுக்குப் பதில் `%E0%AE%95` என்று எண்ணும் எழுத்துமாக நிற்கும். லிங்க்கில் `%25E0` என்று கண்டால் இதுதான் நடந்திருக்கிறது.

தமிழுக்கே உரிய ஒன்று ஔகாரம். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்து யூனிகோடில் ஒரே அலகு. பலர் அதை ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டி ‘ஒளவையார்’ ஆக்கிவிடுகிறார்கள். அச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லிங்க்கில் மறைக்க முடியாது: சரியானது `%E0%AE%94` என்று தொடங்கும், தவறானது `%E0%AE%92%E0%AE%B3` என்று தொடங்கும். ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’ போன்ற சொற்களிலும் இதே கோளாறு உண்டு. தேடுபொறி சில நேரம் தானே திருத்திக்கொள்ளும், சில நேரம் அதே பிழையோடு எழுதிய பக்கங்களாகப் பொறுக்கித் தரும்.

பழைய வினாத்தாள் கோப்புகளிலிருந்து வார்த்தையை நகலெடுப்பவர்கள் இன்னொன்றைச் சந்திப்பார்கள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். ‘தமிழ்’ என்று தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் `jkpo;` என்று வரும். அதை அப்படியே லிங்க்கில் வைக்க முடியாது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும், அல்லது யூனிகோடில் மறுபடி தட்ட வேண்டும்.

வார்த்தையைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை

லிங்க் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தாலும், உள்ளே வைத்த கேள்வி நல்ல கேள்வியா என்பது தனி விஷயம். தோழியின் பாடத்தில் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது, கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அணை மணல் படுகையின் மேல் எப்படி நின்றது என்பது. ‘கல்லணை வரலாறு’ என்று தேடினால் சுற்றுலாக் குறிப்புகளும் கலந்து வந்தன. அவர் என்ன செய்தார் என்றால், தேவையான பக்கத்தில் கட்டாயம் இருக்கக்கூடிய, மற்ற பக்கங்களில் அநேகமாக இல்லாத ஒரு பெயரைச் சேர்த்தார்: ஆர்தர் காட்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லணையின் அடித்தளத்தை ஆராய்ந்து, மணலில் அடித்தளம் போடும் வித்தையை அதனிடமிருந்து கற்று, 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர். அவர் பெயர் வரும் பக்கத்தில் பஸ் நேரம் இருக்க வாய்ப்பில்லை, அடித்தளத்தைப் பற்றிய பேச்சு இருக்க வாய்ப்பு அதிகம்.

```
https://www.google.com/search?q=கல்லணை+ஆர்தர்+காட்டன்
```

இன்னும் இறுக்க வேண்டுமானால் இரண்டு வழி உண்டு. வேண்டாத வார்த்தையின் முன்னால் கழித்தல் குறியை ஒட்டி எழுதினால் அந்த வார்த்தை உள்ள பக்கங்கள் விலகும். `-திறப்பு` என்று சேர்த்தால் தண்ணீர் செய்தி பெரும்பாலும் குறைந்துவிடும். ஒரே தளத்துக்குள் தேட `site:` உதவும். `q=கல்லணை+site:ta.wikipedia.org` என்றால் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வெளியே போகாது. `site:` என்பதற்கும் தளத்தின் பெயருக்கும் நடுவே இடைவெளியோ `+` குறியோ வரக்கூடாது.

கடைசியில் `&safe=active` என்று சேர்த்தால் ஆபாசப் படங்களையும் பக்கங்களையும் வடிகட்டும்படி கூகுளிடம் சொல்லலாம். டக்டக்கோவில் அதற்கு `&kp=1`. இங்கே `&` வேண்டுமென்றே போடுவது, புதிய கட்டம் தொடங்குவதற்காக. ஆபாசத்தை வடிகட்டுமே தவிர, தவறான தகவலையும் விளம்பரத்தையும் இது தொடாது.

கேள்வி நிற்கும், பதில் நிற்காது

இந்த லிங்க்கில் நாம் பூட்டி அனுப்புவது கேள்வியை மட்டுமே. பதில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடப்படுகிறது. ஜனவரியில் சோதித்துப் பார்த்த லிங்க் ஜூனில் வேறு பட்டியலைத் தரும். தஞ்சாவூரில் திறப்பதும் சென்னையில் திறப்பதும் ஒன்றாக இருக்காது. போனின் மொழி அமைப்பும், அதன் உரிமையாளர் முன்பு தேடியவையும்கூட வரிசையை மாற்றும். எனவே ‘லிங்க்கில் மூன்றாவதாக வருவதைப் படியுங்கள்’ என்று எழுதுவது வீண். எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் படிக்க வேண்டும் என்றால் தேடல் லிங்க் வேண்டாம், அந்தப் பக்கத்தின் முகவரியையே அனுப்புங்கள். தேடல் லிங்க்குக்கு ஏற்ற வீட்டுப்பாடம் வேறு மாதிரி: இரண்டு பக்கங்களைத் திறந்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று எழுதச் சொல்வது.

இதே காரணத்தால் ஆசிரியர் தன் போனில் மட்டும் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. கல்லணையைப் பற்றிப் பத்து நாளாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் போன் அது. குறைந்தது ப்ரவுசரின் மறைநிலைத் தாவலிலாவது திறக்க வேண்டும், முடிந்தால் வேறொருவர் போனில். திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மேலே உள்ள தேடல் பெட்டியை, முடிவுகளை அதற்குப் பிறகு பார்க்கலாம். நாம் எழுதிய எல்லா வார்த்தையும் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தால் லிங்க் சரி. ஒரு வார்த்தை குறைந்தால் இடைவெளியோ `&` குறியோ எங்கோ ஒளிந்திருக்கிறது.

தோழியின் ஷீட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு நெடுவரிசை இருக்கிறது. தலைப்பு, ‘கடைசியாகத் திறந்து பார்த்த நாள்’. பாடத்துக்கு முதல் நாள் இரவு லிங்க்கைத் தன் மாமியாரின் போனுக்கு அனுப்பி, அங்கே திறந்து பார்க்கிறார். பக்திப் பாட்டும் சமையலும் தவிர எதையும் தேடாத அந்தப் போனில் ஆர்தர் காட்டன் வந்து நின்றால், தேதியைப் போட்டுவிட்டு வகுப்புக் குழுவுக்கு அனுப்புகிறார்.